ஹாலுக்கு மூன்று வேளை வெளிச்சம்: டிம்மரும் ஸ்மார்ட் பல்பும் சேரும் இடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர், காட்பாடி, சத்துவாச்சாரி பகுதிகளில் புதுப்பிக்கப்படும் வீடுகள் பலவற்றில், ஹாலின் சுவிட்ச் போர்டில் ஒரு டிம்மரும் விளக்குகளில் இரண்டு மூன்று ஸ்மார்ட் பல்புகளும் இப்போது இடம்பெறுகின்றன. காலையில் எழுந்தவுடன் ஒரு வெளிச்சம், இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு வெளிச்சம், படுக்கப் போகும் முன் ஒரு வெளிச்சம் என்று செயலியில் மூன்று அமைப்புகளும் பதிவு செய்யப்படுகின்றன. ஆயினும் சில வாரங்களில் அவற்றை யாரும் தொடுவதில்லை. பழைய டியூப் லைட்டே எல்லா வேளைக்கும் எரிகிறது. பெரும்பாலும் இதற்குக் காரணம், ஒரே விளக்கை இரண்டு கருவிகள் ஆளுமாறு விட்டுவிடுவதும், மின்சாரம் போய்த் திரும்பும்போது பல்பு என்ன செய்யும் என்பதை முன்கூட்டியே தீர்மானிக்காததுமே ஆகும்.

முதல் தவறு, டிம்மர் இணைந்துள்ள வரியில் ஸ்மார்ட் பல்பை மாட்டுவது. சுவரில் பொருத்தும் சாதாரண டிம்மர், நொடிக்கு 50 சுழற்சியாக வரும் மின்னலையின் ஒவ்வோர் அரைச் சுழற்சியிலும் ஒரு பகுதியை வெட்டிவிடுகிறது. அதனால்தான் பழைய குண்டு பல்பு மங்கியது. ஸ்மார்ட் பல்புக்குள்ளோ, தானே ஒளியைக் குறைத்துக்கொள்ளும் சுற்றும் வைஃபை வாங்கியும் இருக்கின்றன. அவற்றுக்கு எப்போதும் முழு மின்னழுத்தம் வேண்டும். வெட்டுப்பட்ட அலை கிடைக்கும்போது பல்பு துடிக்கும், மெல்லிய இரைச்சல் எழுப்பும், செயலியில் அடிக்கடி 'Offline' என்று காட்டும், காலப்போக்கில் கெட்டும் போகும். டிம்மரை எப்போதும் முழு அளவில் வைத்திருந்தால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். போதாது, முழுத் திருப்பிலும் பல டிம்மர்கள் அலையின் ஓரத்தைச் சிறிது வெட்டுகின்றன, வீட்டில் யாராவது ஒருவர் என்றாவது அதைத் திருப்பியும் விடுவார். எலக்ட்ரீஷியனை அழைத்து, மெயினை அணைத்து, அந்த வரியிலிருந்து டிம்மரை நீக்கி, சாதாரண சுவிட்ச் போடச் சொல்வதே சரி.

டிம்மரை வேறொரு வரிக்கு மாற்றும்போது அங்கேயும் கவனிக்க வேண்டியது உண்டு. அதன் முதுகில் அச்சிட்டிருக்கும் வாட் அளவைப் பாருங்கள். குண்டு பல்புக்காகச் செய்யப்பட்ட ஒரு டிம்மரில் '60 முதல் 400 வாட்' என்று இருந்தால், குறைந்தது 60 வாட் சுமையாவது இருந்தால்தான் அது சீராக வேலை செய்யும். முன்பு 60 வாட் குண்டு பல்பு இரண்டு எரிந்தபோது சுமை 120 வாட், சிக்கல் இல்லை. இன்று கூரையில் 7 வாட் எல்.இ.டி. விளக்குகள் நான்கு இருந்தால் மொத்தமே 28 வாட்தான். குறைந்த அளவுக்குக் கொண்டுவந்தால் அவை விட்டுவிட்டு எரிவது அதனால்தான். எல்.இ.டி.க்கென்று செய்யப்பட்ட டிம்மரையும், டிம் செய்யத்தக்கது என்று அட்டையில் குறித்திருக்கும் விளக்கையும் சேர்த்தே வாங்க வேண்டும். மின்விசிறி ரெகுலேட்டர் ஒன்று மீதமிருக்கிறது என்று அதை விளக்குக்குப் போடவே கூடாது.

இவற்றை ஒரு ஹாலில் வைத்துப் பார்ப்போம். பன்னிரண்டுக்குப் பதினாறு அடி அறை. கூரையில் டிம்மரோடு சேர்ந்த நான்கு சிறு விளக்குகள், சுவரில் ஒரு டியூப் லைட், சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்கும் விளக்கில் ஒரு ஸ்மார்ட் பல்பு, சோபாவின் பக்கத்தில் உயரம் குறைந்த மேசை விளக்கில் இன்னொன்று. இங்கே செயலியால் ஆளப்படுபவை இரண்டு பல்புகள் மட்டுமே. கூரை விளக்குகளின் அளவைச் செயலி அறியாது; அவற்றைக் கையால்தான் திருப்ப வேண்டும். இதை மறந்து, செயலியில் 'சாப்பாடு' என்று அழுத்திவிட்டு, கூரை விளக்குகள் முழு வெளிச்சத்தில் இருப்பதைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் பலர். டிம்மரின் குமிழில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி, சாப்பாட்டு வேளைக்கு அந்தப் பொட்டு நிற்க வேண்டிய இடத்தில் தகட்டிலும் ஒரு பொட்டு ஒட்டிவிட்டால், வீட்டில் யாராலும் அந்த அளவை இருமுறை யோசிக்காமல் வைக்க முடியும்.

எங்கள் பகுதியில் எல்லாவற்றையும்விட மிகுதியாகத் தொல்லை தருவது மின்தடைக்குப் பிந்திய நிலைதான். கத்திரி வெயில் காலத்து மாலைகளில் காற்றும் இடியும் கிளம்பினால் மின்சாரம் போவதும் வருவதும் வழக்கம். அந்த மாதங்களில் பெரியவர்கள் ஹாலிலேயே பாய் விரித்துப் படுக்கிறார்கள். ஸ்மார்ட் பல்புகள் பலவும், தொழிற்சாலை அமைப்பின்படி, மின்சாரம் திரும்பியவுடன் முழு வெளிச்சத்தில் எரியும். இரவு இரண்டு மணிக்கு மின்சாரம் வந்தால், அணைத்துவிட்டுப் படுத்த பல்பு தானாகவே பளீரென்று எரிந்து தாத்தாவை எழுப்பிவிடும்.

இதை மாற்ற, பல்பின் அமைப்புப் பக்கத்தில் 'Power-on behavior' அல்லது அதையொத்த ஒரு தெரிவு இருக்கும். அங்கே பலரும் உடனே தேர்ந்தெடுப்பது, போகும்போது இருந்த நிலைக்கே திரும்பு என்பதை. இதில் வேறொரு தவறு ஒளிந்திருக்கிறது. செயலியில் பல்பை அணைத்திருந்தால் 'போகும்போது இருந்த நிலை' என்பதும் அணைந்த நிலைதான். பாட்டி விடிகாலையில் சுவரில் சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரியாது. மீண்டும் மீண்டும் தட்டுவார். விரைவாகச் சில முறை அணைத்துப் போட்டால், பல பல்புகள் அதைப் புதிதாக இணைக்கச் சொல்லும் கட்டளையாக எடுத்துக்கொண்டு மினுக்கத் தொடங்கி, வீட்டு வைஃபையையும் பதிவுகளையும் மறந்துவிடும். மின்சாரம் விட்டுவிட்டு வரும் மாலையில் யாரும் தொடாமலேயே இது நடப்பதுண்டு. ஆகவே, செயலி இடம் கொடுத்தால், மின்சாரம் வந்தவுடன் குறிப்பிட்ட ஓர் அளவில் எரிய வேண்டும் என்று வைப்பதே மேலானது: 2700 கெல்வின் மஞ்சள் வெளிச்சம், இருபது விழுக்காடு. சுவிட்சைத் தட்டியவருக்கு விளக்கு கிடைக்கும். தூங்குகிறவரின் முகத்தில் வெள்ளை வெளிச்சம் அடிக்காது. ஹாலில் யாரும் படுக்காத வீட்டுக்கு, பழைய நிலைக்குத் திரும்பும் தெரிவும் பொருந்தும்.

மின்தடையின் இன்னொரு விளைவு கண்ணில் படாதது. படுக்கப் போகும் முன் வேண்டிய அமைப்பு இரவு 9:30க்குத் தானாக வர வேண்டும் என்று நேரம் குறித்திருக்கிறீர்கள். சரியாக அந்த வேளையில் மின்சாரம் இல்லை, அல்லது பல்பு இன்வெர்ட்டரில் எரிந்தும் ரூட்டர் அணைந்திருக்கிறது. கட்டளை தவறிப்போகும், பதினொரு மணிவரை சாப்பாட்டு வெளிச்சமே நீடிக்கும். ரூட்டரை இன்வெர்ட்டர் வரியில் உள்ள பிளக்குக்கு மாற்றுங்கள். அதே அமைப்பைப் பத்து மணிக்கும் ஒருமுறை திரும்ப அழைக்குமாறு இரண்டாவது நேரத்தையும் குறித்துவிடுங்கள். சதுர அலை தரும் பழைய இன்வெர்ட்டர் உள்ள வீட்டில், டிம்மரோடு சேர்ந்த கூரை விளக்குகளை இன்வெர்ட்டர் வரியில் சேர்க்காமல் இருப்பது நல்லது. டிம்மர் இரையும், விளக்கும் துடிக்கும்.

இனி அளவுகள். செயலியை நிறுவிய பகல் வேளையிலேயே மூன்று அமைப்புகளையும் பதிவு செய்து முடித்துவிடுவது பரவலான தவறு. ஜன்னல் வெளிச்சத்தில் முப்பது விழுக்காடு இருப்பதே தெரியாது. இரவில் அதே அளவு தாராளமாக இருக்கும். நம் கண் வெளிச்சத்தை நேர்விகிதத்தில் உணர்வதில்லை. விளக்கு தரும் ஒளி கால்பங்காகக் குறைந்தால் நமக்கு அது ஏறத்தாழப் பாதியாகத்தான் தோன்றுகிறது. பத்தில் ஒரு பங்குகூட மூன்றில் ஒரு பங்காகத் தெரிகிறது. செயலி காட்டும் விழுக்காடு ஒளியின் அளவா, கண்ணுக்குத் தோன்றும் அளவா என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். ஆகவே எண்ணை நம்பாமல், அந்தந்த வேளையில், வழக்கமாக அமரும் இடத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்து, கண் பழகிய பின் அளவைக் குறைத்துக்கொண்டே வந்து, போதாது என்று தோன்றும் இடத்திலிருந்து சற்றே ஏற்றிப் பதிவு செய்யுங்கள்.

சாப்பாட்டு வேளைக்கு, மேசைக்கு மேலுள்ள பல்பை 3000 கெல்வினில் அறுபது, எழுபது விழுக்காட்டிலும், கூரை விளக்குகளைப் பொட்டு காட்டும் மூன்றில் ஒரு பங்கிலும் வைத்து, டியூப் லைட்டை அணைத்துவிடுவது இந்த ஹாலுக்குப் பொருந்தும். இங்கே செய்யக்கூடாதது, மஞ்சள் நிறம் வேண்டுமென்று செயலியின் வண்ண வட்டத்தில் ஆரஞ்சைத் தொடுவது. அப்போது பல்பின் வெள்ளை எல்.இ.டி.க்கள் ஒதுங்கி, சிவப்பும் பச்சையுமான சிறு எல்.இ.டி.க்களே பெரும்பாலும் எரிகின்றன. வெளிச்சம் வெகுவாகக் குறைகிறது, நிறங்களும் திரிகின்றன. கீரை கருத்துத் தெரியும், தயிர்சாதம் காவியேறும், மீன் குழம்பில் முள்ளைப் பிரித்துப் பார்ப்பது வயதானவர்களுக்குக் கடினமாகும். வெள்ளை ஒளிக்கான பட்டையிலேயே மஞ்சள் பக்கம் நகர்த்துங்கள். பல்பு வாங்கும்போது அட்டையில் நிறக்காட்டுத் திறன், அதாவது சி.ஆர்.ஐ., 90 என்று இருப்பதைத் தேடினால், மேசை விளக்கைப் பொறுத்தவரை அதற்குக் கூடுதலாகக் கொடுக்கும் விலை வீணாகாது.

காலை அமைப்பில் நேரத்தை மாறாத ஒன்றாகக் குறிப்பதுதான் பிழை. வேலூரில் மே மாத இறுதியில் ஏறத்தாழ 5:45க்கே விடிகிறது. ஜனவரி இறுதியில் 6:40 ஆகிவிடுகிறது. கோடையில் பொருத்தி, ஆறு மணிக்கு விளக்கு அணையுமாறு வைத்த வீடு, பொங்கல் வரும்போது இருட்டில் காப்பி போடும். பல்பு எரியத் தொடங்குவதை நீங்கள் எழும் நேரத்தோடு கட்டுங்கள். அணைவதைச் சூரிய உதயத்துக்கு முப்பது நிமிடம் கழித்து என்று கட்டுங்கள். 2700 கெல்வினில் முப்பது விழுக்காட்டில் தொடங்கி, இருபது நிமிடத்தில் 4000 கெல்வினுக்கும் எண்பது விழுக்காட்டுக்கும் ஏறினால் கண் கூசாது. வெயிலுக்கு அஞ்சி ஒன்பது மணிக்கே திரையை இழுத்து மூடும் வீடுகளில், அதன் பிறகு தேவைப்படும் வெளிச்சத்தைக் கூரை விளக்குகளிடம் விட்டுவிடலாம்.

படுக்கப் போகும் முன் வரும் அமைப்பில் கூரையிலிருந்து எதுவும் எரியக்கூடாது. சோபாவின் பக்கத்து மேசை விளக்கு மட்டும், 2200 அல்லது 2700 கெல்வினில், பத்து முதல் பதினைந்து விழுக்காட்டில் எரிந்தால் போதும். பல்பு நேராகக் கண்ணில் படாதபடி அதன் கூடு இருக்க வேண்டும். ஆனால் பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ படிக்கும் பிள்ளை அதே ஹாலில் இரவு படிக்கிறது என்றால், அந்த மங்கல் வெளிச்சத்தில் புத்தகத்தைப் பிடிக்க வைப்பது சரியன்று. படிப்புக்கு என்று தனி மேசை விளக்கு ஒன்றை, செயலியோடும் டிம்மரோடும் சேராத சாதாரண சுவிட்சில் வைத்துக்கொடுங்கள். 9:30 ஆனாலும் பத்து ஆனாலும் அது தானாக மங்காது.