ரிசல்ட் இரவில் ஸ்டாப் லாஸ் காப்பாற்றாது

பெங்களூரில் ஐடி வேலை பார்க்கும் நம்மவர்களிடம் கம்பெனியின் காலாண்டு ரிசல்ட் நாளன்று அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "ஸ்டாப் லாஸ் போட்டிருக்கேன், பார்த்துக்கலாம்." பங்கு ஒரு குறிப்பிட்ட விலைக்கு இறங்கினால் விற்கச் சொல்லும் ஆர்டர்தான் ஸ்டாப் லாஸ். பெரிய தவறு இங்கேதான் தொடங்குகிறது.

2023 ஏப்ரல் 13, வியாழக்கிழமை. இன்ஃபோசிஸ் சந்தை முடிந்த பிறகு ரிசல்ட் வெளியிட்டது. அடுத்த நிதியாண்டுக்கு 4 முதல் 7 சதவீத வளர்ச்சிதான் என்றது. சந்தை எதிர்பார்த்தது அதைவிட அதிகம். மறுநாள் தமிழ்ப் புத்தாண்டு, அம்பேத்கர் ஜெயந்தி, சந்தை விடுமுறை. அப்புறம் சனி, ஞாயிறு. நியூயார்க்கில் அதன் பங்குக்கு ஈடாக வர்த்தகமாகும் ஏடிஆர் வியாழன் இரவே சரிந்துவிட்டது. இங்கே இருப்பவர்கள் திங்கள்வரை விற்க வழியில்லை. 1,390 ரூபாய் அளவில் இருந்த பங்கு, திங்களன்று 9 சதவீதத்துக்கு மேல் இறங்கி முடிந்தது.

100 பங்கு வைத்திருந்த ஒருவர் 1,350-ல் டிரிகர், 1,345-ல் லிமிட் வைத்து, பல நாள் நிற்கும் ஜிடிடி ஆர்டர் போட்டிருந்தார் என்று வைத்துக்கொள்வோம். பங்கு 1,250-ல் திறந்தால் டிரிகர் உடனே வேலை செய்யும். ஆனால் 1,345-க்குக் கீழே விற்காதே என்று சொல்லியிருக்கிறாரே! ஆர்டர் நிறைவேறாமல் அப்படியே நிற்கும். மார்க்கெட் ஆர்டராக இருந்தாலும் 1,250-க்குத்தான் விற்கும். சாதாரண ஸ்டாப் லாஸ் ஆர்டர் என்றால் வியாழன் மாலையே காலாவதி.

அதனால் எத்தனை பங்கு வைத்திருக்கலாம் என்பதை ஸ்டாப் லாஸ் தூரத்தை வைத்துக் கணக்கிடக் கூடாது. இவர் நினைத்த நஷ்டம் பங்குக்கு 45 வீதம் 4,500 ரூபாய். பங்கு 10 சதவீதம் கீழே திறந்தால், அதாவது 10 சதவீத கேப் வந்தால், போவது 13,900. அந்தப் பங்கின் கடந்த எட்டு ரிசல்ட்டுகளை எடுத்து, முந்தைய முடிவு விலைக்கும் மறுநாள் திறப்பு விலைக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். தாங்கக்கூடிய நஷ்டத்தை அதில் மிக மோசமானதைக் கொண்டு வகுக்க வேண்டும். அது 10 சதவீதம் என்றால், 4,500-ஐ 139-ஆல் வகுக்க, 32 பங்கு. மீதி 68-ஐ ரிசல்ட் நாள் மூன்றரை மணிக்கு முன்பே விற்றுவிட வேண்டும். இதைவிட மோசமான கேப் வரலாம் என்பதால், 32 என்பதும் உச்சவரம்புதான்.

பங்கு விழுந்தால் லாபம் தரும் புட் ஆப்ஷனை அன்று மதியம் வாங்கிக் காத்துக்கொள்ளலாம் என்பார்கள். ரிசல்ட் பயம் அதன் விலையான பிரீமியத்தில் ஏற்கெனவே ஏறியிருக்கும். மறுநாள் அந்தப் பயம் வடிந்ததும் பிரீமியம் சட்டென்று இறங்கும். பங்கு 3 சதவீதம் விழுந்தும் புட்டில் நஷ்டம் வரக்கூடும். என்னைக் கேட்டால், சிறு முதலீட்டாளருக்குப் பங்கைக் குறைப்பதே மலிவு.

ரிசல்ட் தேதி தெரிந்ததும் என்எஸ்இ விடுமுறைப் பட்டியலையும் பாருங்கள். மறுநாள் சந்தை இல்லையென்றால் அந்த 32-ஐயும் பாதியாக்குவேன்.