வெளிநாட்டு வார்டில் நோயாளியிடம் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வார்டுக்குப் புதிதாக வரும் நர்ஸ்களின் ஆங்கிலம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. இலக்கணப் பிழையை நோயாளிகள் பொருட்படுத்துவதில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

பெயரை நாமே சொல்லிக் கேட்பது

"ஆர் யூ மிஸ்டர் ஸ்மித்?" என்று கேட்டால், காது கேளாதவரும் குழப்பத்தில் இருப்பவரும் தலையாட்டிவிடுவார்கள். முதலில் "ஹலோ, மை நேம் இஸ்..." என்று உங்கள் பெயரையும் நீங்கள் நர்ஸ் என்பதையும் சொல்லுங்கள். அப்புறம் "குட் யூ டெல் மீ யுவர் ஃபுல் நேம் அண்ட் டேட் ஆஃப் பர்த், ப்ளீஸ்?" என்று கேட்டு, பதிலைக் கைப்பட்டையோடு ஒப்பிடுங்கள். படுக்கை எண்ணை நம்ப வேண்டாம்.

"டூ யூ அண்டர்ஸ்டாண்ட்?"

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்வி இது. எனக்கு இன்னும் எரிச்சல் தருவதும் இதுதான். புரியவில்லை என்று ஒப்புக்கொள்ள யாருக்கும் கூச்சமாக இருக்கும், அதனால் "யெஸ்" என்றுதான் பதில் வரும்.

ஒரு முறை, சிறுநீர்த் தொற்று சந்தேகத்தோடு வந்த ஒரு மூதாட்டியிடம் புதிய நர்ஸ் ஒருவர் டப்பாவைக் கொடுத்து, "மிட்ஸ்ட்ரீம் யூரின் சாம்பிள் வேண்டும், அண்டர்ஸ்டாண்ட்?" என்று கேட்டார். அவரும் "யெஸ், டியர்" என்றார். உண்மையில் அவர் முதல் துளியிலிருந்தே டப்பாவில் பிடித்துவிட்டார். தோலில் இருக்கும் கிருமிகளும் அதோடு சேர்ந்துகொண்டன. கல்ச்சர் முடிவு வர ஓரிரு நாள் ஆகும். வந்தபோது பல கிருமிகள் கலந்து வளர்ந்திருந்தன, எதற்கும் உதவவில்லை. அதற்குள் ஆன்டிபயாடிக் தொடங்கிவிட்டதால், மறுபடி எடுத்த சாம்பிளில் எதுவும் வளரவில்லை. எந்தக் கிருமி, எந்த மருந்து கேட்கும் என்பது தெரியாமலேயே சிகிச்சை நடந்தது.

சரி, எப்படிச் சொல்லியிருக்கலாம்? "மிட்ஸ்ட்ரீம்" என்ற சொல்லை விட்டுவிட்டு, ஒவ்வொரு படியாக: "பாஸ் த ஃபர்ஸ்ட் பிட் இன்டு த டாய்லட். தென், வித்அவுட் ஸ்டாப்பிங், கேட்ச் சம் இன் த பாட். ஃபினிஷ் இன் த டாய்லட். ப்ளீஸ் டோன்ட் டச் த இன்சைட் ஆஃப் த பாட்."

அதன்பின் பொறுப்பை உங்கள் மேல் போட்டுக் கேளுங்கள்: "ஐ வான்ட் டு பி ஷ்யூர் ஐ எக்ஸ்ப்ளெயின்ட் தட் க்ளியர்லி. குட் யூ டெல் மீ வாட் யூ ஆர் கோயிங் டு டூ?" இது சோதிப்பது உங்கள் விளக்கத்தை என்பதால் நோயாளிக்குக் கூச்சம் வராது. அந்த மூதாட்டி "ஐ ஃபில் இட் அப்" என்று சொல்லியிருந்தால், தவறு அங்கேயே பிடிபட்டிருக்கும். அப்போது அதே வாக்கியங்களை உரக்கச் சொல்லிப் பயனில்லை. விட்டுப்போன படியை மட்டும் வேறு சொற்களில் சொல்லி, மறுபடி கேளுங்கள்.

"டோன்ட் வொர்ரி, நோ பெயின்"

ஊசி வலிக்கும். "ஷார்ப் ஸ்க்ராட்ச் கமிங் நவ்" என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

அனுமதி கேட்காமல் கையைப் பிடிப்பது

"இஸ் இட் ஓகே இஃப் ஐ டேக் யுவர் ப்ளட் பிரஷர்?" கேட்டுவிட்டு, பதில் வரும்வரை கஃப்பைக் கையில் சுற்றாதீர்கள்.