தீபாவளி நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன் பிழை பார்ப்பது எப்படி?

ஒரு ஜவுளிக்கடையின் 2026 தீபாவளி நோட்டீஸ் உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

“அக்டோபர் 24 வெள்ளி முதல் நவம்பர் 7 சனி வரை! ₹1,250 கைத்தரிச் சேலை 40% தள்ளுபடியில் ₹740 மட்டுமே! ₹5,000-க்கு மேல் வாங்கினால் குக்கர் இலவசம்!”

மேலோட்டமாகப் படித்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். அதனால் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் தேடாதீர்கள். பிரிண்ட் எடுத்து, ஒரு சுற்றுக்கு ஒரு விஷயம் என்று பாருங்கள்.

முதல் சுற்று: தேதி. காலண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கிழமையையும் சேர்த்துச் சரிபாருங்கள். தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. அப்படியானால் நவம்பர் 7 சனி சரி. அக்டோபர் 24-ம் சனிதான், வெள்ளி இல்லை. போன வருட நோட்டீஸை எடுத்துத் தேதியை மட்டும் மாற்றும்போது கிழமை அப்படியே தங்கிவிடும். இங்கே தேதி தவறா, கிழமை தவறா என்பதை நீங்களாக முடிவு செய்யாதீர்கள், கடைக்காரரிடம் கேளுங்கள்.

இரண்டாவது: விலை. கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். 1,250-ல் 40% என்றால் 500 குறையும். விலை ₹750 வர வேண்டும். “20% + 10%” என்று இருந்தால் இன்னும் கவனம். ₹1,000 பொருள் முதலில் ₹800 ஆகி, அதில் 10% போய் ₹720 ஆகும். மொத்தத் தள்ளுபடி 28%தான். அதைப் பெரிய எழுத்தில் “30%” என்று போட்டிருந்தால் நிறுத்துங்கள்.

மூன்றாவது: சலுகை நிபந்தனை. அதிகம் சண்டை வருவது இங்கேதான். சரியாக ₹5,000-க்கு பில் போட்டவருக்குக் குக்கர் உண்டா? “மேல்” என்றால் இல்லை, “₹5,000 முதல்” என்றால் உண்டு. ஒரே பில்லா, பல பில்லைச் சேர்க்கலாமா? எல்லாக் கிளைகளிலும் கிடைக்குமா? தள்ளுபடிச் சேலைக்கும் சேருமா? கவுன்டரில் நிற்பவர் போலக் கேள்வி கேட்டு, பதிலை நோட்டீஸிலேயே எழுதச் சொல்லுங்கள். சலுகை தமிழில் இருந்தால் நிபந்தனையும் தமிழிலேயே இருக்கட்டும். மத்திய அரசின் 2022 விளம்பர வழிகாட்டு நெறிமுறைகளும் அதைத்தான் கேட்கின்றன. “நிபந்தனைகளுக்கு உட்பட்டது” என்ற ஒரு வரி எந்தச் சண்டையையும் தீர்க்காது.

நான்காவது: எழுத்து. “கைத்தரி” அல்ல, கைத்தறி. ர/ற, ல/ள/ழ, ந/ன/ண மூன்றையும் தனியாகத் தேடுங்கள். வாக்கியத்தைக் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கிப் படித்தால், மனம் தானாகத் திருத்திப் படிக்காது.

டிசைனர் பழைய எழுத்துருவுக்கு மாற்றியிருந்தால் கொம்பு இடம் மாறி “கொ” என்பது “ெகா” ஆகியிருக்கலாம், ₹ இருந்த இடத்தில் வெறும் கட்டம் வந்திருக்கலாம். ஆகவே வேர்டு ஃபைலில் பார்த்தது போதாது. அச்சுக்குப் போகும் பிடிஎஃப்பையே திரும்பப் படியுங்கள். அதிலுள்ள போன் நம்பரையும் ஒருமுறை டயல் செய்துவிட்டு ஓகே சொல்லுங்கள்.