ஹில்யாவின் பாவாடையை வெட்டாதீர்கள்

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் வீடுகளுக்கு அரபு எழுத்துப் பலகை செய்து கொடுப்பது என் தொழில். இப்போது வேலூரில் லேசர் மெஷின் வைத்திருக்கிற பிள்ளைகள், நபியின் தோற்றத்தை எழுத்தாலேயே வர்ணிக்கிற ஹில்யாப் பலகையிலும் கை வைக்கிறார்கள். அதில் அவர்கள் செய்யும் தவறுகள்தான் இங்கே. புள்ளி விட்டுப்போவது, எழுத்து துண்டு துண்டாக நிற்பது பற்றி இங்கே பேசவில்லை. ஓதத் தெரிந்த ஒருவரிடம் காட்டினால் அது அன்றே தெரிந்துவிடும்.

உருவம் ஏன் இல்லை என்று கேட்காமலே தொடங்குவது

படம் வரையாதே என்று குர்ஆனில் நேரடி வசனம் கிடையாது. அது கண்டிப்பது சிலை வணக்கத்தை. உருவம் பற்றிய எச்சரிக்கை வருவது ஹதீஸில்: உயிருள்ளவற்றின் உருவத்தைச் செய்தவரிடம், நீ படைத்ததற்கு உயிர் கொடு என்று மறுமையில் சொல்லப்படும். படம் வரைந்தே பிழைத்த ஒருவர் வந்து கேட்டபோது, மரத்தையும் உயிரில்லாத பொருளையும் வரைந்துகொள் என்றார் நபித்தோழர் இப்னு அப்பாஸ் (ரலி). கொடியும் பூவும் நம் பலகையில் தாராளமாக வருவதற்கும் முகம் வராததற்கும் காரணம் இதுதான்.

முகத்தைத் தவிர்ப்பது ஒரு மதத்தின் வழக்கம் மட்டுமல்ல. எழும்பூர் அருங்காட்சியகத்தில் அமராவதிச் சிற்பங்களைப் பாருங்கள். சில பலகைகளில் புத்தர் இருக்க வேண்டிய இடத்தில் வெற்று ஆசனமோ பாதச்சுவடோதான் இருக்கும். அங்கே சின்னம் ஆளைக் காட்டுகிறது. ஹில்யாவில் அந்த வேலையைச் செய்வது வாக்கியம்.

பாவாடையை வெட்டுவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது.

ஹில்யாவைப் பலகை வடிவத்தில் நிலைநிறுத்தியவர் ஹாஃபிஸ் உஸ்மான், 1698இல் மறைந்த இஸ்தான்புல் எழுத்துக் கலைஞர். மேலே பிஸ்மில்லா. நடுவில் பெரிய வட்டம், அதைத் துருக்கியர் தொப்புள் என்கிறார்கள். சுற்றி நான்கு மூலையில் நான்கு கலீஃபாக்களின் பெயர். வட்டத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் ஒரு குர்ஆன் வசனம். அதற்கும் கீழே நீள்சதுரமாக ஒரு பகுதி, அதன் பெயர் பாவாடை.

வட்டத்துக்குள் இருப்பது நபி (ஸல்) எப்படி இருந்தார்கள் என்று அலீ (ரலி) சொன்ன வர்ணனை. மிக உயரமும் இல்லை, குட்டையும் இல்லை. முடி சுருளும் இல்லை, படிந்தும் இல்லை. இரு தோள்களுக்கு நடுவே நபித்துவ முத்திரை. வட்டம் நிறைந்ததும் வர்ணனை முடிவதில்லை. வசனத்தைத் தாண்டிப் பாவாடையில் தொடர்கிறது. அங்கேதான் கடைசி வரி வரும்: அவருக்கு முன்னும் பின்னும் அவரைப் போல ஒருவரை நான் கண்டதில்லை.

ஆம்பூரில் ஒரு தோல் வியாபாரி புது வீட்டுக்கு ஹில்யா கேட்டு, போனில் ஒரு படத்தையும் அனுப்பினார். வேலையை எடுத்த பையன் சுவரை அளந்தான். பலகை சுவர் இடத்தைவிட ஒரு சாண் உயரமாக வந்தது. கீழே பொடி எழுத்தில் இருந்ததை, அச்சகத்தின் பெயர் மாதிரி ஏதோ என்று நினைத்துவிட்டான். பாவாடையை எடுத்துவிட்டு, வட்டத்தைப் பெரிதாக்கி, தங்க நிற அக்ரிலிக்கில் வெட்டி ஒட்டிவிட்டான். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

சுவரில் மாட்டியதும் வியாபாரியின் மாமனார் விரல் வைத்து ஓதிக்கொண்டே வந்தார். வட்டத்தின் அடியில் விரல் நின்றது. "இன்னாப்பா, பாதியிலயே நிக்குது? மிச்சம் எங்க?" பையனுக்குப் பதில் தெரியவில்லை. பலகை திரும்பி வந்தது. ஒட்டிய அக்ரிலிக்கைப் பெயர்த்தால் உடையும், மறுபடி உதவாது. மொத்தச் செலவும் அவன் தலையில்.

ஓவியர் ஒருவர் முகத்தை வரைந்து தாடைக்கு மேலே காகிதத்தைக் கிழித்துக் கொடுத்தால் வாங்குவோமா? இடம் போதவில்லை என்றால் முழுப் பலகையையும் ஒரே விகிதத்தில் சுருக்குங்கள். எழுத்து ஓத முடியாத அளவுக்குப் பொடியாகிவிட்டால், இந்தச் சுவருக்கு ஹில்யா வேண்டாம், நபியின் பெயரை மட்டும் எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். வெட்டும் முன், வட்டத்தின் கடைசிச் சொல்லும் பாவாடையின் முதல் சொல்லும் விட்டுப்போகாமல் தொடர்கிறதா என்று ஹஜ்ரத் யாரிடமாவது ஓதிக் காட்டச் சொல்லுங்கள்.

மூலைகளைத் தமிழ் வரிசையில் அடுக்குவது

அரபு வலமிருந்து ஓடும். மேலே வலப்பக்கம் அபூபக்கர், இடப்பக்கம் உமர். கீழே வலப்பக்கம் உஸ்மான், இடப்பக்கம் அலீ (ரலியல்லாஹு அன்ஹும்). இடமிருந்து அடுக்கினால் இரண்டாம் கலீஃபா முதல் இடத்தில் போய் உட்கார்ந்துவிடுவார்.

பழைய பாரசீக ஓவியத்தை நடுவில் வைப்பது

14ஆம் நூற்றாண்டுப் பாரசீகச் சுவடிகளில் நபியின் முகமே வரையப்பட்டிருக்கிறது. பின்னால் முகத்தில் திரை போட்டு வரைந்தார்கள். அது அந்தக் காலத்து அரசவைச் சுவடி. ஆம்பூர் வரவேற்பறையில் மாட்ட மாட்டார்கள்.

இடவலமாகத் திருப்புவது

கண்ணாடிக்குப் பின்பக்கம் ஒட்டும்போது மட்டும் எழுத்தைத் திருப்பலாம்.