நெரிசல் நாளில் திரும்பிச் செல்பவருக்கே சலுகை

சலூனில் ஆள் வராத நேரத்துக்கான கட்டணச் சலுகையைப் பலகையில் எழுதி எல்லோருக்கும் அறிவிக்காமல், சனிக்கிழமை இடமில்லாமல் திரும்பிச் செல்ல இருப்பவரிடம் மட்டும் சொல்லி, செவ்வாய்க்கிழமைக்கான நேரத்தை அப்போதே பதிவு செய்துவிடுங்கள்.

காலியாகக் கழிந்த ஒரு மணி நேரத்தைச் சரக்கைப் போல மறுநாள் விற்க முடியாது. ஆனால் பொதுவாக அறிவிக்கும் தள்ளுபடி, எப்படியும் வரக்கூடியவருக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. செவ்வாயன்று வழக்கமாக 4 பேர் தலா 100 ரூபாய் தருகிறார்கள் என்றால், எல்லோருக்கும் 20 சதவீதம் குறைத்தபின் ஐந்தாமவர் வந்தால்தான் பழைய 400 ரூபாயையே எட்டலாம். திரும்பிச் செல்ல இருந்தவருக்கு மட்டும் குறைத்தால் அவர் தரும் 80 ரூபாய் முழுவதும் கூடுதல் வரவு, அதில் கழிவது அவருக்காகச் செலவான பொருளின் விலை மட்டுமே. சேவையை முன்கூட்டியே பார்த்துச் சோதிக்க முடியாது என்பதால், புதியவருக்கு அடிக்கடி காட்டும் தள்ளுபடி தரக்குறைவின் அடையாளமாகவும் தோன்றக்கூடும்.

சனிக்கிழமையும் நாற்காலிகள் காலியாக இருந்தால் இது பயன்படாது. முழுக் கட்டணம் தருபவரையே குறைந்த கட்டணத்துக்கு நகர்த்துவீர்கள். மணப்பெண் அலங்காரம் போன்ற நாள் மாற்ற இயலாத தேவைகளுக்கும் பொருந்தாது.