படுக்கையில் இருப்பவருக்கு மாதச் சாமான்: பம்பஸ் கணக்கில் இருந்து தொடங்குங்கள்

எழுந்து நடக்க முடியாதவரை வீட்டில் வைத்துப் பார்க்கும்போது காற்று மெத்தை போன்றவற்றை ஒரு தடவை வாங்கினால் போதும். மாதாமாதம் தீர்ந்துபோவது பம்பஸும் அதோடு சேர்ந்த சாமான்களும்தான்.

1. மூன்று நாள் எழுதிப் பாருங்கள். கட்டில் பக்கத்தில் ஒரு கொப்பி வைத்து, மாற்றும் ஒவ்வொரு முறையும் நேரத்தையும், நனைந்ததா மலம் போனதா என்பதையும் குறியுங்கள்.

2. அளவு பார்க்க ஒரு பக்கெட் மட்டும் வாங்குங்கள். இடுப்பையும் பிட்டத்தையும் நாடாவால் அளந்து, பெரிய அளவைப் பக்கெட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். தொடை மடிப்பில் சிவந்த கோடு விழுந்தால் சிறிது. பக்கவாட்டில் கசிந்தால் பெரும்பாலும் பெரிது. கசிகிறதே என்று இரண்டை ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டாதீர்கள். உள்ளே உள்ளதன் பிளாஸ்டிக் அடிப்பக்கம் ஈரத்தை வெளியே உள்ளதற்கு விடாது, சூடுதான் கூடும்.

3. கணக்குப் போடுங்கள். வெல்லாவெளியில் ஒரு அம்மம்மாவுக்குப் பகலில் மூன்று, இரவில் ஒன்று தேவை என்று வைப்போம். நாளுக்கு 4, முப்பது நாளுக்கு 120. பத்து உள்ள பக்கெட்டில் 12. வயிற்றோட்டத்துக்கு ஒன்று கூட்டி 13. கட்டிலில் விரிக்கும் அண்டர்பேட் நாளுக்கு ஒன்று, மாதம் 30. கையுறை ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு சோடி என்றால் 240 வேண்டும். நூறு உள்ள பெட்டி மூன்று. துடைக்கப் பழைய பருத்திச் சாரத்தைக் கிழித்துத் தோய்த்துப் பாவிக்கலாம். சிங்க் ஒக்சைட் கிரீமை மெல்லிதாகத்தான் பூச வேண்டும். தடிப்பாய் அப்பினால் அது பம்பஸில் ஒட்டி, உறிஞ்சுவதைக் குறைத்துவிடும். டியூப்பைத் திறந்த திகதியை அதிலேயே எழுதினால், மாதம் எத்தனை வேண்டும் என்று தெரிந்துவிடும்.

4. எப்போது திரும்ப வாங்குவது? சாதாரண காலத்தில் ஏழு நாளுக்கானது, அதாவது 28 பம்பஸ், மிஞ்சியிருக்கும்போதே பாமசிக்குச் சொல்லிவிடுங்கள். நவம்பரில் இருந்து ஜனவரி வரை அது போதாது. மாரி வெள்ளம் வந்தால் வெல்லாவெளி இருக்கும் படுவான்கரைப் பக்கத்துப் பாதைகள் மூடிவிடும். அந்த மாதங்களில் பதினாலு நாளுக்கான 56, அதாவது ஆறு பக்கெட், கையிருப்பில் இருக்கட்டும். நிலத்தில் வைக்காமல் மூடியுள்ள வாளியில் உயரத்தில் வையுங்கள். ஈரம் பட்டது உதவாது.

5. மாற்றும்போது தோலைப் பாருங்கள். முதுகின் அடியிலும் குதியிலும் உள்ள சிவப்பை விரலால் அழுத்தினால் வெளிற வேண்டும். வெளிறாவிட்டால் படுக்கைப் புண் தொடங்குகிறது. கறுத்த தோலில் சிவப்புத் தெரியாமல் போகலாம். சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். அந்த இடத்தில் எடை விழாமல் திருப்பிப் படுக்க வைத்து, தாதியிடம் காட்டுங்கள்.

கொப்பியை மூன்று நாளோடு நிறுத்த வேண்டாம். வழக்கமாக நாலு நனைகிறவருக்கு ஒன்றுதான் நனைந்தால், பம்பஸ் மிச்சம் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் குறைவாகக் குடிக்கிறாரா, அடிவயிறு உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். உப்பியிருந்தால் சிறுநீர் தேங்கியிருக்கலாம். அன்றைக்கே வைத்தியரிடம் காட்டுங்கள்.