ஸ்டாரை நம்பாதீர்கள், பழைய ரிவ்யூவைப் படியுங்கள்

கிரகப்பிரவேசப் பரிசாகப் பித்தளைக் குத்துவிளக்கு ஒன்றை ஆன்லைனில் பார்த்தேன். கேள்விப்படாத விற்பனையாளர், ஆனால் 4.6 ஸ்டார். ரிவ்யூக்களைப் பழையதிலிருந்து படித்தால், "கவர் என் போனுக்குக் கச்சிதம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார்! வேறு பொருளுக்குக் கிடைத்த ஸ்டாரை அப்படியே வைத்துக்கொண்டு, படத்தையும் பெயரையும் மட்டும் மாற்றிவிடுகிறார்கள். வாங்கியவர்கள் போட்ட படங்களையும் 2, 3 ஸ்டார் ரிவ்யூக்களையும் பாருங்கள். உண்மை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

அப்புறம் எடை. ஓரடி விளக்கு 300 கிராம் என்றால் தகடு காகிதம்தான். எடையே போடவில்லையா, விட்டுவிடுங்கள்.

பார்சல் வந்ததும் தட்டிலும் அடிப்பாகத்திலும் காந்தத்தை வையுங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே முலாம். ஒட்டாவிட்டாலும் பித்தளை என்று சொல்லிவிட முடியாது, அலுமினியமும் ஒட்டாது. திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள், பரிசுத்தாள் சுற்றும் முன்பே பார்த்துவிடுங்கள்.